கோல்பேக் வருவது நின்றுவிட்டது: பேமென்ட் கம்பனிக்கு எழுதும் கடிதத்தை ஒருமுறை பாருங்கள்

வட்டவளை_கோட் | ஜூன் 4, காலை 7.50

ஹட்டனில் தேயிலை, ஏலம், மிளகு விற்கும் ஒரு கடையின் இணையத்தளத்தை நான்தான் எழுதிப் பராமரிக்கிறேன். மே 29 பின்னேரத்திலிருந்து பேமென்ட் கம்பனியின் கோல்பேக் வரவில்லை. வாடிக்கையாளர் கார்ட்டில் காசு கட்டுகிறார், வங்கி எஸ்எம்எஸ் அவருக்குப் போகிறது, கம்பனியின் டாஷ்போர்டிலும் "வெற்றி" என்றே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மட்டும் ஓடர் "காத்திருக்கிறது" என்றே கிடந்து, ஒரு மணி நேரத்தில் தானாக இரத்தாகிறது. காசு கட்டியவருக்கு "உங்கள் ஓடர் இரத்து" என்று மின்னஞ்சல் போகிறது. கடை அக்கா காலையிலிருந்து போனில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோடில் எதுவும் மாறவில்லை, சேர்வரில் ஓடுவது nginx. இந்தக் கடிதத்தை இன்று அனுப்பப் போகிறேன். ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் போடுகிறேன்:

> வணக்கம். மே 29 முதல் எங்கள் தளத்துக்கு உங்கள் கோல்பேக் வருவதில்லை. அதற்கு முன் ஒழுங்காக வந்தது. எங்கள் சேர்வரின் அக்சஸ் லொக்கில் உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஏன் நின்றது? தயவுசெய்து உடனே பார்க்கவும்.

இதற்குப் பதில் வருமா? முன்பு ஒருமுறை வேறு விஷயத்துக்கு எழுதி, பொதுவான இரண்டு வரிப் பதில்தான் கிடைத்தது.

மஸ்கெலியா_நூல்கடை | ஜூன் 4, காலை 8.20

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். காசு கட்டிவிட்டு ஆட்கள் திரும்ப நம்ம பக்கத்துக்கு வருவதில்லை. இங்கே தோட்டப் பக்கம் சிக்னல் இரண்டு கோடு இருந்தாலே பெரிது, கட்டி முடிந்து "நன்றி" பக்கம் திறக்கும்முன் லைன் போய்விடும். அந்தப் பக்கம் திறந்தால்தான் எங்கள் தளத்தில் ஓடர் உறுதியாகும். பேமென்ட் கம்பனிக்குச் சொல்லிப் பயனில்லை தம்பி, சிக்னல் டவருக்குத்தான் எழுத வேண்டும்.

நானுஓயா | ஜூன் 4, காலை 8.45

ஃபயர்வோல். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இதுதான். கம்பனி புது ஐபியிலிருந்து அனுப்பத் தொடங்கியிருக்கும், உங்கள் சேர்வர் அதை அடைத்திருக்கும். கடிதம் எழுதுவதற்கு முன் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். அவர்கள் பக்கம் பிழை என்றால் நாட்டில் உள்ள எல்லாக் கடையும் இப்போது கத்திக்கொண்டிருக்கும்.

வட்டவளை_கோட் | ஜூன் 4, காலை 9.30

மஸ்கெலியா அண்ணா, நீங்கள் சொல்வது வேறு. உங்களுடையது வாடிக்கையாளரின் ப்ரவுசர் திரும்பி வரும் பக்கம். நான் சொல்வது, காசு போனதும் கம்பனியின் சேர்வர் நேரடியாக எங்கள் சேர்வருக்கு அனுப்பும் செய்தி. அதில் வாடிக்கையாளரின் போனுக்கு வேலையே இல்லை, அவர் போனை அணைத்தாலும் வர வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும், "நன்றி" பக்கம் திறந்தாலே ஓடர் உறுதி என்று வைத்திருக்காதீர்கள் அண்ணா. அந்த முகவரியை யாரும் கையால் அடித்துத் திறக்கலாம், காசு கட்டாமலே நூல் வாங்கிப் போய்விடுவார்கள்.

நானுஓயா, 443 எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஐபி வைத்து எதையும் தடுக்கவில்லை. இருந்தாலும் மறுபடி பார்க்கிறேன்.

லொக்புத்தகம் | ஜூன் 4, பகல் 12.15

தம்பி, நான் பதுளை, வேலை கொழும்பில். சில வருடங்கள் ஒரு பேமென்ட் கம்பனியில் வியாபாரிகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசையில் இருந்தேன். அந்த மேசையிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசிப்பவருக்கு அதை வைத்துத் தேட ஒன்றும் இல்லை. "மே 29 முதல்" என்பதை எந்தப் பெட்டியிலும் அடித்துத் தேட முடியாது. அவர் உங்கள் கணக்கைத் திறப்பார், கோல்பேக் முகவரி பதிவாகியிருக்கிறது, கொடுப்பனவுகள் வெற்றி, அவ்வளவுதான் தெரியும். "எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக இயங்குகிறது" என்று எழுதி மூடிவிடுவார். அவர் சோம்பேறி இல்லை, லொக்கைப் பார்ப்பவர் வேறு குழு, அந்தக் குழுவுக்கு அனுப்ப அவருக்கு ஒரு கொடுப்பனவு இலக்கமாவது வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு கொடுப்பனவை எடுங்கள். அதன் இலக்கம், உங்கள் ஓடர் இலக்கம், தொகை, நேரம். நேரத்தை இலங்கை நேரத்திலும் யூடிசியிலும் இரண்டிலும் போடுங்கள். அவர்களின் லொக் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் பின்னால். இரவு 8.40 என்று மட்டும் எழுதினால் 15:10க்குப் பதில் 20:40இல் தேடிவிட்டு "அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை" என்பார்கள். அதேபோல் நின்றதற்கு முன் கடைசியாக ஒழுங்காக வந்த கோல்பேக்கின் விவரமும் கொடுங்கள். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழு ஒப்பிட்டுப் பார்க்கும்.

கேள்வியையும் மாற்றுங்கள். "ஏன் நின்றது" என்று கேட்டால் விளக்கம் வரும், விடை வராது. "இந்தக் கொடுப்பனவுக்கு உங்கள் இயந்திரம் எங்கள் முகவரியை அழைத்தபோது அதற்கு என்ன கிடைத்தது? எச்டிடிபி எண்ணா, டைம்அவுட்டா, இணைப்புப் பிழையா? பிழை என்றால் அந்த வரியை அப்படியே தாருங்கள்" என்று கேளுங்கள்.

கடைசியாக, அக்சஸ் லொக்கில் வரி இல்லை என்பதை வைத்து அவர்கள் அனுப்பவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். nginx அந்த வரியை எழுதுவது கோரிக்கை ஒன்று வந்து சேர்ந்த பிறகு. அதற்கு முன்னால் டிஎல்எஸ் கைகுலுக்கலிலேயே மற்றப் பக்கம் விலகிப் போனால் அக்சஸ் லொக்குக்கு எதுவும் தெரியாது. எரர் லொக்கும் வழக்கமான அளவில் அதை எழுதாது. மே 29 அன்று சேர்வரில் யாராவது கை வைத்தார்களா?

நானுஓயா | ஜூன் 4, பகல் 12.40

அக்கா சொல்வதும் நான் சொன்னதும் ஒன்றுதானே, பிழை நம் பக்கம்.

லொக்புத்தகம் | ஜூன் 4, பகல் 12.55

பக்கம் ஒன்றாக இருக்கலாம், இடம் வேறு. ஃபயர்வோல் அடைத்தால் இணைப்பே உள்ளே வராது. கைகுலுக்கலில் முறிந்தால் இணைப்பு வரும், சில பக்கெட் போய்வரும், பிறகு அறுபடும். tcpdump வைத்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். பழைய அக்சஸ் லொக்கில் நல்ல கோல்பேக் வரிகளின் தொடக்கத்தில் அவர்களின் ஐபி இருக்கும், அதைப் பிடித்துப் பாருங்கள். டெபியன், உபுண்டுவில் nginx லொக் 14 நாளுக்கு மேல் வைத்திருக்காது, ஆகவே முதலில் பிரதி எடுங்கள்.

```
zgrep notify /var/log/nginx/access.log*
tcpdump -ni any 'tcp port 443 and host 203.0.113.20'
```

முதல் வரியில் notify என்ற இடத்தில் உங்கள் கோல்பேக் முகவரியில் வரும் சொல்லைப் போடுங்கள், இரண்டாவது வரியில் உங்களுக்குக் கிடைக்கும் ஐபியைப் போடுங்கள். இது வெறும் உதாரணம்.

வட்டவளை_கோட் | ஜூன் 4, பின்னேரம் 4.10

ஓடர் தானாக இரத்தாவதை முதல் வேலையாக நிறுத்திவிட்டேன். இப்போதைக்கு கடை அக்கா டாஷ்போர்டைப் பார்த்து ஒவ்வொன்றாக உறுதிசெய்கிறார். மழை நேரம் என்பதால் ஓடரும் குறைவு, சமாளிக்கலாம்.

மே 29 பற்றி: சேர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனம் அன்று எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர்களே செய்வது. அன்றிலிருந்து ப்ரவுசரில் தளம் பூட்டுக் குறியோடு நன்றாகத் திறக்கிறது, ஆகவே அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

வட்டவளை_கோட் | ஜூன் 4, இரவு 9.05

நூறு ரூபாவுக்கு ஒரு சோதனைக் கொடுப்பனவு செய்து tcpdump பார்த்தேன். பக்கெட் வருகிறது! காசு கட்டிய சில வினாடிகளில் அவர்களின் ஐபியிலிருந்து இணைப்பு திறக்கிறது, இரண்டு பக்கமும் ஏதோ பேசுகிறது, உடனே அவர்கள் மூடுகிறார்கள். ஆக, அனுப்புகிறார்கள். ஃபயர்வோலும் இல்லை.

பிறகு எரர் லொக்கின் அளவைக் கூட்டினேன்:

```
error_log /var/log/nginx/error.log info;
```

அடுத்த சோதனையில் இது விழுந்தது:

```
SSL_do_handshake() failed (SSL: error:0A000416:SSL routines::
sslv3 alert certificate unknown:SSL alert number 46)
while SSL handshaking, client: 203.0.113.20
```

ஐபியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

லொக்புத்தகம் | ஜூன் 4, இரவு 9.40

அதுதான். உங்கள் சான்றிதழைப் பார்த்துவிட்டு "எனக்கு இது தெரியாது" என்று அவர்களின் இயந்திரம் போய்விடுகிறது. எண் 46 என்பதால் அந்தப் பக்கம் ஜாவா என்று நினைக்கிறேன், curl போன்றது என்றால் இதே நிலைமையில் பெரும்பாலும் 48 வரும். வெளியே வேறொரு கணினியிலிருந்து இதை ஓட்டுங்கள்:

```
openssl s_client -connect shop.example:443 \
  -servername shop.example </dev/null
```

"Certificate chain" என்பதற்குக் கீழே 0 என்ற ஒன்று மட்டும் இருந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது. உங்கள் சான்றிதழை நேரடியாக வேர் நிறுவனம் கையெழுத்திடுவதில்லை. நடுவில் இன்னொரு சான்றிதழ் இருக்கும், அதையும் உங்கள் சேர்வர்தான் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் குரோம் தானே தேடி இறக்கிக்கொள்ளும், பயர்பாக்ஸ் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும், அதனால் உங்கள் கண்ணுக்குப் பூட்டு தெரியும். சேர்வரிலிருந்து சேர்வருக்குப் பேசும் நிரல்கள் அப்படித் தேடிப் போகாது. ஜாவாவில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைத்தே வைத்திருக்கும்.

வட்டவளை_கோட் | ஜூன் 4, இரவு 10.20

0 மட்டும்தான் இருக்கிறது. கீழே:

```
Verify return code: 21 (unable to verify the first certificate)
```

சான்றிதழின் தொடக்கத் தேதியும் மே 29.

சேர்வர் நிறுவனம் அனுப்பிய ஜிப்பில் இரண்டு கோப்பு இருக்கிறது, ஒன்று எங்களுடையது, மற்றது bundle என்று முடிவது. போன வருடம் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தார்கள், இம்முறை முதலாவதை மட்டும் வைத்திருக்கிறார்கள். நாளை காலை மாற்றுகிறேன், இரவில் கை வைக்க விருப்பமில்லை.

ஒரு கேள்வி மட்டும் உறுத்துகிறது. மே 31 மத்தியானம் ஒரே ஒரு கோல்பேக் ஒழுங்காக வந்து, ஓடர் உறுதியாகியிருக்கிறது. சங்கிலி அறுந்திருந்தால் அது எப்படி?

நானுஓயா | ஜூன் 5, காலை 6.50

அப்படியென்றால் சான்றிதழ் காரணமில்லை. ஒன்று வந்தால் எல்லாம் வரவேண்டும்.

லொக்புத்தகம் | ஜூன் 5, காலை 8.30

அப்படிச் சொல்ல முடியாது நானுஓயா. அனுப்பும் இயந்திரம் ஒன்றுக்கு மேல் இருக்கும். அதில் ஒன்றின் நம்பிக்கைப் பட்டியலில் அந்த நடுச் சான்றிதழை எப்போதோ யாரோ சேர்த்திருந்தால் அது மட்டும் தடையில்லாமல் பேசும். இது என் ஊகம்தான். அந்த மே 31 வரியின் ஐபி வேறாக இருக்கிறதா என்று பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

தம்பி, ஒட்டும்போது உங்கள் சான்றிதழ் மேலே, bundle கீழே. மாறிப் போனால் nginx "key values mismatch" என்று ஏற மறுக்கும். இன்னொன்று, முதல் கோப்பின் கடைசியில் புதுவரி இல்லாவிட்டால் END வரியும் BEGIN வரியும் ஒட்டிக்கொள்ளும், அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். reload பண்ணுவதற்கு முன் `nginx -t` கட்டாயம்.

```
cat shop.crt shop.ca-bundle > shop-full.crt
nginx -t && systemctl reload nginx
```

இரண்டாவது வரியை ஓட்டுவதற்கு முன், கொன்ஃபிக்கில் `ssl_certificate` இந்தப் புதுக் கோப்பைக் காட்டவேண்டும்.

வட்டவளை_கோட் | ஜூன் 5, காலை 10.15

மாற்றினேன். s_client இப்போது 0, 1 இரண்டும் காட்டுகிறது, return code 0. சோதனைக் கொடுப்பனவுக்குக் கோல்பேக் வந்தது. கடை அக்காவுக்கு கோல் எடுத்துச் சொன்னேன், உடனே "முன்பு கட்டியவர்கள்?" என்று கேட்டார். அதற்காகத்தான் கடிதம் இன்னும் தேவைப்படுகிறது. மே 31 வரியின் ஐபி வேறுதான், ஆனால் மே 29க்கு முன் அந்த ஐபியிலிருந்து வந்த வரி எதுவும் இல்லை, ஆகவே அதிலிருந்து என்ன முடிவெடுப்பது என்று தெரியவில்லை.

மாற்றி எழுதிய கடிதம்:

> வணக்கம். எங்கள் வியாபாரி இலக்கம் மேலே தலைப்பில் இருக்கிறது.
>
> மே 29 பின்னேரம் முதல் ஜூன் 5 காலை வரை, மே 31 வந்த ஒன்றைத் தவிர, எங்கள் முகவரிக்கு உங்கள் கோல்பேக் சேரவில்லை. காரணம் எங்கள் சேர்வரில் நடுச் சான்றிதழ் விடுபட்டது, இன்று காலை 9.55க்கு (04:25 யூடிசி) சரிசெய்தோம். அதன்பின் ஒரு சோதனைக் கோல்பேக் வந்து சேர்ந்தது.
>
> தோல்வியடைந்த ஓர் உதாரணத்தின் கொடுப்பனவு இலக்கம், ஓடர் இலக்கம், தொகை 4,850.00 ரூபா, நேரம் ஜூன் 2 இரவு 8.40 (15:10 யூடிசி), இணைப்பில். சரியாக வந்த கடைசி ஒன்றின் அதே விவரங்களும் இணைப்பில்.
>
> மூன்று விஷயம் கேட்கிறோம். முதலாவது, மேற்சொன்ன ஜூன் 2 கொடுப்பனவுக்கு உங்கள் லொக்கில் பதிவான பிழை வரியை அப்படியே தாருங்கள், எங்கள் கணிப்புச் சரியா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தொடர் தோல்வியால் எங்கள் முகவரி உங்கள் பக்கத்தில் நிறுத்தப்பட்டதா, எத்தனை தடவை மறுபடி முயல்கிறீர்கள்? மூன்றாவது, இணைத்துள்ள பட்டியலில் இருக்கும் கொடுப்பனவுகளுக்குக் கோல்பேக்கை மறுபடி அனுப்ப முடியுமா?

ரகசியச் சாவியோ கார்ட் எண்ணோ எதுவும் சேர்க்கவில்லை.

பண்டாரவளை_விதை | ஜூன் 5, பகல் 1.30

மூன்றாவது கேள்வியை அனுப்புவதற்கு முன் நில்லுங்கள் தம்பி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மரக்கறி விதை விற்கிறோம். கோல்பேக் வந்தால் ஸ்டொக்கைக் கழித்து பொதி கட்டும் பட்டியலில் சேர்க்கும்படி எங்கள் நிரல். கம்பனி ஒருநாள் பழையவற்றை மொத்தமாக மறுபடி அனுப்பியது. அதில் பாதியை நாங்கள் ஏற்கெனவே கையால் உறுதிசெய்து அனுப்பிவிட்டோம். போஞ்சி விதை வெலிமடைக்கு இரண்டு தடவை போனது. வாங்கியவர் நல்லவர், திருப்பி அனுப்பினார், எல்லோரும் அனுப்பவில்லை.

வட்டவளை_கோட் | ஜூன் 5, பகல் 2.05

நன்றி அண்ணா, இது எங்களுக்கும் நடந்திருக்கும். கடை அக்கா கையால் உறுதிசெய்தவை நிறைய இருக்கின்றன. கொடுப்பனவு இலக்கத்தைத் தரவுத்தளத்தில் ஒரே ஒருமுறை மட்டும் வரக்கூடியதாக ஆக்கி, அக்கா உறுதிசெய்தவற்றுக்கும் அந்த இலக்கத்தைப் போட்டுவிட்டேன். இனி அதே இலக்கம் மறுபடி வந்தால் நிரல் 200 என்று பதில் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாது. பிழை என்று சொன்னால் அவர்கள் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். இரத்தான ஓடருக்குக் கோல்பேக் வந்தால் தானாக உயிர்ப்பிக்காமல் அக்காவின் மேசைக்கு அனுப்பும்படி வைத்தேன், ஏனென்றால் சிலர் மறுபடி காசு கட்டி வேறு ஓடர் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதியா, காசா வேண்டும் என்று ஆளிடம்தான் கேட்கவேண்டும்.

கடிதம் போய்விட்டது.

மஸ்கெலியா_நூல்கடை | ஜூன் 6, காலை 9.00

தம்பி சொன்ன பிறகு பார்த்தேன், எங்கள் டாஷ்போர்டில் கோல்பேக் முகவரி என்ற பெட்டி வெறுமையாகவே இருந்தது. சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதை எழுதித் தருவதற்கு ஆள் தேடுகிறேன்.

வட்டவளை_கோட் | ஜூன் 9, பின்னேரம் 5.30

முதலில் "எல்லாம் சரியாக இயங்குகிறது" என்ற பதில்தான் வந்தது. அதற்குக் கீழேயே, கேள்வி மாற்றாமல், கொடுப்பனவு இலக்கத்தை மட்டும் மேலே தூக்கிப் போட்டு மறுபடி அனுப்பினேன். இன்று தொழில்நுட்பக் குழுவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், மரியாதையாக, விவரமாக. ஜூன் 2, 15:10 யூடிசிக்கு அவர்கள் லொக்கில் இருப்பது:

```
PKIX path building failed: unable to find valid
certification path to requested target
```

லொக்புத்தகம் அக்கா சொன்னபடி ஜாவாதான். முகவரி நிறுத்தப்படவில்லையாம். மறு முயற்சி சில தடவைதான், அதன்பின் விட்டுவிடுமாம், எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மறுபடி அனுப்ப முடியாது, பதிலாக கொடுப்பனவு நிலையைக் கேட்கும் ஏபிஐக்கு எங்களுக்கு அனுமதி திறந்து தந்திருக்கிறார். பட்டியலில் உள்ள ஓடர்களை அதில் ஒவ்வொன்றாகக் கேட்டு, தொகை ரூபா சதத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் உறுதிசெய்கிறேன். இனி காத்திருக்கும் ஓடர் எதையும் இரத்தாக்கும்முன் நிரல் அங்கே ஒருமுறை கேட்கும்.

மே 31 பற்றிய கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

நானுஓயா | ஜூன் 9, இரவு 7.10

கைகுலுக்கல் முறிந்தால் அவர்கள் ஒரு மின்னஞ்சல் போட்டால் என்ன? ஒரு வாரம் அவர்கள் லொக்கில் பிழை விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

லொக்புத்தகம் | ஜூன் 9, இரவு 8.00

நியாயமான கேள்வி. நான் வேலை செய்த இடத்தில் அதைச் செய்யச் சொல்லி நாங்களே கேட்டிருக்கிறோம், நடக்கவில்லை. ஆகவே உங்கள் பக்கத்தில் வையுங்கள்: s_client ஐ தினம் ஒருமுறை வெளியிலிருந்து ஓட்டி, அது எழுதும் Verify return code 0 இல்லாவிட்டால் உங்களுக்கு எஸ்எம்எஸ். சேர்வருக்குள்ளிருந்து ஓட்டாதீர்கள், அங்கே யாராவது நடுச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்தால் எல்லாம் சரி என்றே காட்டும்.

வட்டவளை_கோட் | ஜூன் 10, காலை 8.15

வைத்துவிட்டேன் அக்கா, என் தம்பி வீட்டுக் கணினியிலிருந்து ஓடுகிறது. கூடவே, டாஷ்போர்டில் வெற்றி என்று இருந்தும் எங்களிடம் காத்திருக்கும் ஓடர் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் கடை அக்காவின் போனுக்கும் செய்தி போகும். சேர்வர் நிறுவனத்துக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அடுத்த புதுப்பிப்பின்போது bundle கோப்பைச் சேர்த்து வைத்ததும் s_client விடையை எனக்கு அனுப்பச் சொல்லி. இன்னும் பதில் இல்லை.